முதலில் வயிறு, பிறகு தட்டு

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான உணவு ஆலோசனை என் வேலை. வரும் பெற்றோரில் பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: "நாலே நாலு பொருள்தான் சாப்பிடுகிறான், இன்னும் ஏதாவது சாப்பிட வையுங்கள்." பதிலுக்கு நான் மலம் எப்படிப் போகிறது என்று கேட்டால், சம்பந்தமில்லாமல் பேசுகிறேன் என்று சிலர் முகம் சுளிப்பார்கள்.

6 வயதுச் சிறுவன் ஒருவன். பேச்சு வரவில்லை. பால், ஒரே வகை பிஸ்கட், வெள்ளை ரொட்டி, உருளைக்கிழங்கு சிப்ஸ், இவ்வளவுதான் அவன் உணவு. பால் மட்டும் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே போனது.

"மலச்சிக்கலா? இவனுக்கு வயிற்றுப்போக்கு மேடம். நாளுக்கு நான்கைந்து முறை உள்ளாடை கறையாகிறது" என்றார் தாய்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே பையன் மேசை விளிம்பில் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு நின்றான். சற்றுப் பொறுத்து மூலைக்குப் போய், குதிகாலைத் தூக்கி, கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க விறைத்து நின்றான். முக்குகிறான் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். உண்மையில் அவன் அடக்கிக்கொண்டிருந்தான். ஒருமுறை வலியோடு போன குழந்தை அடுத்த முறை அடக்கும். அடக்க அடக்க மலம் இறுகும், மலக்குடல் விரியும், விரிந்த குடலுக்கு 'வருகிறது' என்ற உணர்வே மங்கிவிடும். பிறகு இறுகிய கட்டியைச் சுற்றி நீர்த்த மலம் கசியும். தாய் வயிற்றுப்போக்கு என்றது இந்தக் கசிவைத்தான். குழந்தை மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது அடிவயிற்றில் அந்த மலக்கட்டி கைக்குத் தட்டுப்பட்டது.

இந்த நிலையில் தவிட்டையும் பழத்தையும் திணிப்பது உதவாது. அடைத்த குடலில் நார்ச்சத்தைச் சேர்த்தால் உப்புசமும் வலியும்தான் கூடும். வயிறு நிரம்பியிருக்கும் குழந்தைக்குப் பசியும் இருக்காது. சாப்பாட்டை மறுப்பதில் ஒரு பங்கு பிடிவாதமல்ல, வலி.

மருத்துவர் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மலமிளக்கித் தூளை எடைக்கேற்ற அளவில் எழுதித் தந்தார். குடலில் நீரைத் தக்கவைத்து மலத்தை இளக்கும் மருந்து இது. கட்டி கரையும் நாட்களில் கசிவு முதலில் அதிகமாகும். பல வீடுகளில் பயந்து மருந்தை நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அதனால் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். உப்புக் கலவை சேராத வகையில் சுவை அநேகமாகத் தெரியாது. ஆனாலும் அவனுக்குத் தெரியாமல் கலக்க வேண்டாம் என்றேன். இந்தக் குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு அந்தப் பாலையே ஒதுக்கினால், இருந்த நான்கில் ஒன்றும் போய்விடும். ஒரு கோப்பையில் மட்டும், அவன் பார்க்கும்போதே, சிட்டிகை அளவில் தொடங்கி மருத்துவர் சொன்ன அளவுக்குக் கொண்டுபோனோம்.

சாப்பிட்டதும் குடல் இயல்பாகவே அசையும். அந்த நேரத்தில் ஐந்து நிமிடம், பாதம் ஊன்றச் சிறு பலகை வைத்து, கழிப்பறையில் உட்கார்வது பழக்கமாயிற்று. போனாலும் போகாவிட்டாலும் உட்கார்ந்ததற்குத்தான் பாராட்டு.

மலம் இளகி, வலியில்லாமல் போகத் தொடங்கிய பிறகே தட்டைத் தொட்டோம். முதலில் பால்: ஒவ்வொரு கோப்பையிலும் இரண்டு தேக்கரண்டி குறைவு, இடையில் அதே கோப்பையில் தண்ணீர். பால் அரை லிட்டருக்கு வந்தபோது பசி தலைகாட்டியது.

புது உணவைப் பழைய உணவுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து எடுக்க வேண்டும். அவனுக்குப் பிடித்தது மொறுமொறுப்பு. அதனால் வெந்த காய் அல்ல, தோலோடு மெல்லியதாகச் சீவி அடுப்பில் வாட்டிய உருளைக்கிழங்கு, அடுத்து அதேபோல் மொறுமொறுப்பாக உலர்த்திய ஆப்பிள் வில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான்: வடிவம் மாறினால் நிறம் மாறக்கூடாது. தனித் தட்டில் ஒரே ஒரு துண்டு, அவன் தட்டிலிருந்து தள்ளி. பார்ப்பது, தொடுவது, முகர்வது, நக்குவது, கடித்துத் துப்புவது, எல்லாமே முன்னேற்றக் கணக்கில் சேரும். "ஒரு வாய் தின்றால் சிப்ஸ்" என்ற பேரம் கூடாது. பேரம் பேசினால் ஆப்பிள் தண்டனையாகிவிடும்.

வில்லையைக் கடிக்கப் பல வாரங்கள் பிடித்தன. நடுவில் காய்ச்சல் வந்து, அதையும் விட்டுவிட்டான். மீண்டும் அடக்கத் தொடங்கினான். மருத்துவர் மருந்தளவைக் கூட்டினார். நாங்கள் தொட்டுப் பார்க்கும் படிக்கு இறங்கி அங்கிருந்து ஏறினோம். மலம் மாதக்கணக்கில் இளக்கமாக இருந்த பிறகே மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க முடியும். சட்டென்று நிறுத்தினால் கட்டி திரும்பும்.

பச்சை நிற வாந்தி, வயிறு வீங்கி விறைப்பது, மலத்தில் ரத்தம், எடை இறங்குவது, கால் தளர்வது, பிறந்து முதல் மலம் போகவே இரண்டு நாளுக்கு மேல் ஆனது என்ற பழைய செய்தி, இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் நான் உணவைப் பற்றிப் பேச்செடுப்பதே இல்லை. உடனே மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.