லாரி வாடகைக்கு எத்தனை பெர்சென்ட் ஜிஎஸ்டி? நான் பண்ண தப்பும் அத சரி பண்ணதும்

நான் பைப், சொட்டு நீர் சாமான் விக்கிற ஒரு கடைல கணக்கு பாக்கறேன். போன அக்டோபர் பில் ஒண்ண பத்தி ஜனவரில, வாங்கின பார்ட்டியோட அக்கவுண்டன்ட் மேடம் போன் பண்ணி, "உங்க பில்லுல சரக்கு 18, லாரி வாடகை மட்டும் எப்படிங்க 5 போட்டிருக்கீங்க, எங்க ஆடிட்டர் கேக்கறார்"னாங்க. லாரிக்காரங்களுக்கு 5 பெர்சென்ட் தானேன்னு சொல்லிட்டு வச்சிட்டேன், ஆனா மனசு கேக்கல, எங்க ஆடிட்டர் சார்கிட்ட பில்ல எடுத்துட்டு போனேன்.

பில் இதான். பிவிசி பைப் 80,000 ரூபா, 18%. ஸ்பிரிங்ளர் 20,000, 5% (செப்டம்பர் 22, 2025க்கு முன்னாடி 12 இருந்துச்சு). கீழ லாரி வாடகை 5,000, பேக்கிங் 1,000, இன்சூரன்ஸ் 500. வாடகைக்கு 5%, பேக்கிங்கும் இன்சூரன்சும் சர்வீஸ்னு நினைச்சு 18% போட்டிருந்தேன், ஆக இந்த மூணுக்கும் வரி 250 + 180 + 90 = 520.

சார் சொன்னது, லாரிக்காரர் நமக்கு குடுக்கற பில்லு வேற, நாம பார்ட்டிக்கு குடுக்கற பில்லு வேற. 5% அவரோட சர்வீஸுக்கு. நாம விக்கிறது லாரி சர்வீஸ் இல்ல, சரக்க கொண்டு போய் சேக்கறதும் சேத்து விக்கறோம். ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 2(30)ல காம்போசிட் சப்ளைக்கு குடுத்திருக்கற உதாரணமே இதான், சரக்கு, பேக்கிங், டிரான்ஸ்போர்ட், இன்சூரன்ஸ் எல்லாம் சேந்து வந்தா சரக்குதான் பிரதானம்னு. பிரிவு 15(2)(c)யும் பேக்கிங் மாதிரி கூடுதல் செலவ சரக்கோட மதிப்புல சேக்க சொல்லுது. அப்போ சரக்குக்கு என்ன ரேட்டோ அதே ரேட் தான் இந்த மூணுக்கும்.

சரி சார், ஆனா எங்க பில்லுல ரெண்டு ரேட் இருக்கேன்னு கேட்டேன், எனக்கு மெயின் குழப்பமே அங்கதான். பிரிச்சு போடணும்னார். சரக்கு மதிப்பு 80க்கு 20, அதனால 6,500ல 5,200 பைப்புக்கு, 1,300 ஸ்பிரிங்ளருக்கு. 5,200க்கு 18% = 936, 1,300க்கு 5% = 65, மொத்தம் 1,001. நான் போட்டது 520, ஆக 481 ரூபா கம்மி. இப்படித்தான் பிரிக்கணும்னு சட்டத்துல ஒரு முறை எழுதி வைக்கல, வாடகைய எடை வச்சு பிரிச்சாலும் நியாயம்தான், ஆனா பில்லுக்கு பில்லு மாத்தக்கூடாது, வரி கம்மியா வர்ற முறைய பாத்து பாத்து எடுத்தா கேள்வி வரும்.

வெறும் ஸ்பிரிங்ளர் மட்டும் போன பில்லுலயும் பேக்கிங்குக்கு 18 போட்டிருந்தேன், அங்க தப்பு தலைகீழ், பார்ட்டிகிட்ட 13% கூடுதலா வாங்கியிருக்கேன். அதுக்கு கிரெடிட் நோட் போட்டோம்.

கம்மியான 481க்கு அதே பில் நம்பர காட்டி டெபிட் நோட், பிரிவு 34 படி, சிஜிஎஸ்டி 240.50 எஸ்ஜிஎஸ்டி 240.50. ஜனவரி ஜிஎஸ்டிஆர்-1ல காட்டினதும் பார்ட்டிக்கு 2பில வந்துச்சு, அவங்களுக்கு கிரெடிட் கிடைக்கறதால மேடம் தகராறு பண்ணல. ஆனா வட்டி நம்ம தலைல தான், 18%. அக்டோபர் வரிக்கு கடைசி நாள் நவம்பர் 20, கட்டினது பிப்ரவரி 20, 92 நாள், ஒரு பில்லுக்கு சுமார் 22 ரூபா, 3பில வட்டி காட்டற இடத்துல போட்டு கட்டினேன். ஒரு பில்லுக்கு சின்ன தொகைதான், ஆனா மூணு மாச பில் எல்லாத்தையும் ஒக்காந்து பாக்க எனக்கு நாலு நாள் ஆச்சு.

இப்போ டேலில அந்த மூணு லெட்ஜர்லயும் `Include in assessable value calculation` ல GST, `Appropriate to` ல Goods, `Method of calculation` ல Based on Value குடுத்துட்டேன், அதுவே பிரிச்சுக்குது. முன்னாடி நான் லெட்ஜர்லயே தனி ரேட் போட்டு வச்சிருந்தேன், தப்பு ஆரம்பிச்சதே அங்கதான், அத கண்டிப்பா எடுத்துடணும்.

இன்னொண்ணு, பார்ட்டியே லாரி பேசி, சரக்கு நம்ம குடோன்லயே அவங்க கைக்கு போற மாதிரி டீல் இருந்தா அந்த வாடகை நம்ம பில்லுல வரவே வராது. ஆனா கொண்டு போய் சேக்கற பொறுப்பு நம்மது, லாரிக்காரருக்கு காசு மட்டும் பார்ட்டி கையால குடுத்தாங்கன்னா, பிரிவு 15(2)(b) படி அதையும் நம்ம மதிப்புல சேக்கணும். இத நானும் கவனிக்காம விட்டிருந்தேன், அதனால இப்போ ஆர்டர் எடுக்கும்போதே வாடகை யார் பொறுப்புன்னு பிஓவுல எழுதி வாங்கிடறேன்.