தாய்மாமன் முகம் மூன்றாம் முறையில் உட்கார்ந்தது: கோட்டுத் தடிமனும் பத்துப் பிக்சலும்

தங்கச்சிமடத்தில் ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸ். தோளில் துடுப்பைச் சாய்த்து வள்ளத்தில் நிற்கும் கார்ட்டூன் ஆளுக்குக் குழந்தையின் தாய்மாமன் முகத்தை வைக்க வேண்டும். உடல், வேட்டி, கை எல்லாம் ஏற்கனவே வரைந்து வைத்திருந்த பாத்திரம். உயரம் 3000 பிக்சல், கோடு தனி லேயர், நிறம் தனி லேயர். வேலை கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில். முதல் இரண்டு முயற்சிகள் தோற்றன. மூன்றாவது உட்கார்ந்துவிட்டது. முடி மட்டும் பாக்கி.

முதல் முயற்சி, போட்டோவை ஃபில்டரில் போட்டுக் கோடாக மாற்றி ஒட்டியது. இதை இன்னும் நிறையப் பேர் செய்கிறார்கள், அதனால் ஏன் வராது என்று சொல்லிவிடுகிறேன். விளிம்பு தேடும் ஃபில்டருக்கு மூக்கு எது, மூக்கின் நிழல் எது என்று தெரியாது. வெளிச்சம் சட்டென்று மாறும் இடமெல்லாம் அதற்குக் கோடுதான். நம் கரையில் மதியம் எடுத்த போட்டோவில் புருவத்தின் கீழ் கறுப்புக் குழி, மூக்கடியில் ஒரு முக்கோணம், கன்னத்தில் ஒரு வெட்டு. ஃபில்டர் அத்தனையையும் கோடாக்கியது. இருக்க வேண்டிய தாடைக் கோடோ கழுத்து நிறத்தோடு கலந்து காணாமல் போனது. மணல் கூச்சத்தில் கண் வேறு பாதி மூடியிருந்தது.

போட்டோவை மறுபடி எடுக்கச் சொன்னேன். காலை ஏழு மணிக்கு, வலைக் கொட்டகை நிழலில், முகம் வெளிச்சத்தைப் பார்த்தபடி. இரண்டு மீட்டர் தள்ளி நின்று, 2x ஜூமில். கை நீட்டி எடுத்த செல்ஃபி இந்த வேலைக்கு ஆகாது. கேமரா அவ்வளவு பக்கத்தில் இருந்தால் மூக்கு புடைத்துக் காதுகள் பின்னால் ஒதுங்கும். அதைப் பார்த்து அளந்தால் அளவெல்லாம் தப்பு.

இனி கோட்டுத் தடிமன். இந்த வேலையில் பாதி இதுதான்.

பழைய முகத்தை அழிக்கும் முன்பே பாத்திரத்தின் கையையும் வேட்டி மடிப்பையும் 400% பெரிதாக்கிக் கோடுகளை எண்ணிக்கொண்டேன். உடம்பின் வெளிக்கோடு 14 பிக்சல். விரல் இடுக்கு, மடிப்பு போன்ற உள்கோடு 8. நகம், பொத்தான் போன்ற சின்னவை 5. கோட்டின் முனை எலிவால் போல மெலிந்து முடிகிறது, மொட்டையாக நிற்கவில்லை. இரண்டு கோடு சேரும் மூலையில் கொஞ்சம் மை தேங்கினாற்போல் தடிப்பு. வெளிச்சம் விழும் இடப்பக்கத் தோளில் கோடு ஓரிடத்தில் அறுபட்டிருக்கிறது. இந்த நான்கையும் ஒரு தாளில் குறித்து எதிரே வைத்துக்கொள்ளாமல் முகத்தில் பேனாவை வைக்கக் கூடாது.

இரண்டாம் முயற்சி விழுந்தது இங்கேதான். வசதிக்காக முகத்தை மட்டும் தனிக் கோப்பில் மூன்று மடங்கு பெரிதாக வரைந்தேன். 14 பிக்சல் பிரஷ்தான், ஆனால் சுருக்கி உடம்பில் வைத்தபோது அது ஐந்து பிக்சல்கூட இல்லை. முகம் பேனாவில் வரைந்தது போலவும் உடம்பு பிரஷ்ஷில் வரைந்தது போலவும் ஆகிவிட்டது. இதை 42 பிக்சல் பிரஷ்ஷில் வரைந்து சுருக்கிச் சரிக்கட்டலாம் என்று தோன்றும். தடிமன் சரியாகத்தான் வரும், ஆனால் பெரிய பிரஷ்ஷில் கை போகும் வேகமும் வளைவும் வேறு. சுருக்கிய பிறகு கோடு கெட்டியாக, மழுங்கிப்போய்த் தெரியும். அதனால் முகத்தை அது இருக்க வேண்டிய அளவிலேயே, உடம்பு இருக்கும் கோப்பிலேயே வரைய வேண்டும்.

அதிலிருந்து வரும் விதி ஒன்று: மை போட்ட கண்ணையும் வாயையும் நகர்த்தலாம், பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது. அளவு மாற வேண்டுமென்றால் பென்சில் லேயருக்குப் போய் மாற்றி, மை திரும்பப் போட வேண்டும். இதற்காகவே கண், மூக்கு, வாய், தாடை ஒவ்வொன்றையும் தனி லேயரில் வைத்தேன். இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் மென்பொருளில் கோட்டுத் தடிமன் மாறாமல் அளவை மாற்ற ஒரு பொத்தான் உண்டு. ஒரே சீரான கோடுள்ள பாத்திரத்துக்கு அது நல்ல வழி. இந்த எலிவால் முனைக்கு அது உதவாது.

பிரஷ் `d) Ink-3 Gpen`, அளவு 14, அழுத்தத்தில் ஐந்து வரை மெலியும்படி. டூல் ஆப்ஷனில் `Brush Smoothing` `Weighted`. அதிகம் ஏற்றினால் எல்லா வளைவும் வழவழவென்று ஒரே மாதிரி ஆகி, மீசை நுனியின் வெடுக்கென்ற திருப்பம் போய்விடுகிறது. இடையில் ஒன்று: கடற்கரை வீடுகளில் டேப்லெட் வைத்திருப்பவர்கள் வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுங்கள். கண்ணுக்குத் தெரியாத மணல்தூள்தான் நிப்பை அரம்போல் தேய்க்கிறது. நிப் ஒரு பக்கம் சப்பையாகிவிட்டால் கை தடுமாறி, மெலிய வேண்டிய முனை பிசிறடிக்கும். உபரி நிப் மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டியிருப்பதால் நான் ஐந்தாக வாங்கி வைக்கிறேன்.

அடுத்தது ஜாடை. பழைய கார்ட்டூன் முகத்தில் மொத்தம் 19 கோடுகள். புது முகத்துக்கும் அவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று கட்டுப்படுத்திக்கொண்டேன். நெற்றிச் சுருக்கம் ஒன்று. மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு முழுக் கோடாக வந்தால் பத்து வயது கூடிவிடும், ஆகவே மேலே ஒரு சின்ன வெட்டு மட்டும். மீசை முடிமுடியாக அல்ல, ஒரே கறுப்பு வடிவம், கீழ் விளிம்பில் மூன்று கீறல். தாடி முளைப்புக்குப் புள்ளி வைக்கவில்லை, நிழல் நிறத்தை அங்கே பரப்பினேன்.

பாத்திரத்தின் கண் நிஜக் கண்ணைவிடப் பெரியது. அதை நிஜ அளவுக்குக் குறைத்தால் பாத்திரம் செத்துவிடும். அதனால் அளவுகளை அப்படியே எடுக்காமல், இவர் முகம் மற்ற முகங்களிலிருந்து எங்கே விலகுகிறது என்பதை மட்டும் எடுக்க வேண்டும். 1985இல் சூசன் பிரென்னன் கணினியில் கேலிச்சித்திரம் வரையச் செய்த முறையும் இதுதான்: சராசரி முகத்திலிருந்து எவ்வளவு விலகலோ, அதைக் கூட்டிக் காட்டுவது. நான் கையிலிருந்த பத்து ஆண்கள் படத்தை அளந்து ஒப்பிட்டேன். இரண்டு கண்மணிக்கும் இடையிலான தூரத்தை 100 என்று வைத்தால், அந்தப் படங்களில் மூக்கடியிலிருந்து வாய்க்கோடு 35, வாயிலிருந்து தாடை நுனி 75. இவருக்கு 28, 86. அதாவது மூக்குக்கும் வாய்க்கும் நடுவே ஐந்தில் ஒரு பங்கு குறைவு, தாடை ஏறக்குறைய 15 சதவீதம் நீளம். அவர் முகமே இந்த இரண்டும்தான்.

பாத்திரத்தில் மூக்கு–வாய் இடைவெளி 50 பிக்சல், வாய்–தாடை 120. முதலில் வாயை அசைக்காமல் தாடையை மட்டும் நீட்டி, கண்ணும் மீசையும் அச்சாக வரைந்து குழந்தையின் அம்மாவிடம் காட்டினேன். பார்த்ததும், "இது எங்க நடு அண்ணன் மாதிரில இருக்கு. பெரிய அண்ணன் இல்லையே" என்றார்கள். இதைவிடத் துல்லியமான சோதனை கிடையாது. கூடப்பிறந்தவர் ஜாடை வந்தால் உறுப்புகளின் வடிவம் சரி, இடைவெளி தப்பு என்று பொருள். யாரோ மாதிரி இருக்கிறது என்றால்தான் வடிவத்திலேயே பிழை. வாயை பத்துப் பிக்சல் மேலே ஏற்றி 40 ஆக்கினேன். தாடையை கணக்குப்படி 138க்குப் பதில் 144 வைத்தேன், கார்ட்டூனில் கொஞ்சம் கூட்டினால்தான் கண்ணில் படும். 156 வரை நீட்டிப் பார்த்தேன், அது கேலி செய்வதுபோல் ஆகிவிட்டது. விழாப் பந்தலில் அது கூடாது. 144க்கு மொத்தத்தில் தாடை நுனி 14 பிக்சல் கீழே இறங்குகிறது, எனவே கழுத்தில் விழும் தாடை நிழலையும் அதே அளவு இறக்க வேண்டும். அதை மறந்தால் தலை கழன்று மிதக்கும். இரண்டாம் தடவை காட்டியபோது அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, போனை வாங்கி அண்ணனுக்கே அனுப்பிவிட்டார்கள்.

போட்டோவில் வெளிச்சம் வலப்பக்கம், பாத்திரத்தில் இடப்பக்கம். போட்டோவைத் திருப்பிப் போட்டால் சரியாகும் என்று செய்யாதீர்கள். அவருக்கு இடப் புருவம் ஏறியிருக்கும், வகிடும் ஒரு பக்கம். திருப்பினால் இரண்டும் மாறி, வீட்டார் கண்ணுக்கு ஆள் அந்நியமாகிவிடுவார். வடிவத்தைப் போட்டோவிலிருந்தும் நிழலைப் பாத்திரத்தின் உடம்பிலிருந்தும் எடுங்கள்.

நிறத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பாத்திரத்தின் தோல் வெளிர், இவர் வெயிலில் தொழில் செய்பவர். முகத்தை வெளுத்து ஒட்டுவது ஊரில் வழக்கமாகிவிட்டது. வெளுத்தால் ஆள் மாறிவிடுகிறார், அதைச் செய்யக் கூடாது. முகத்துக்கு `#8C5A3C`, நிழலுக்குச் சிவப்புப் பக்கம் சாய்ந்த `#6A3E2A`, கையும் காலும் அதே இரண்டு நிறம். ஆனால் ஒரு சிக்கல்: பழைய கோட்டு நிறம் `#4A2C20` வெளிர் தோலில் எடுப்பாக இருந்தது, இப்போது நிழலுக்குள் மூக்குக் கோடும் வாய் மூலையும் மூழ்கின. கோட்டைத் தடிமனாக்கித் தப்பிக்க முயலக் கூடாது, பட்ட பாடெல்லாம் வீண். வரைந்த கோட்டுக்கு வெளியே நிறம் போகாமல் தடுக்கும் ஆல்ஃபா பூட்டைக் கோட்டு லேயரில் போட்டு, உடம்பு முழுவதற்கும் `#24130E` நிரப்பினேன். முகத்துக்கு மட்டும் மாற்றினால் ஒட்டியது தெரியும்.

ஃப்ளெக்ஸில் இந்தப் பாத்திரம் ஆறடி. ஒரு பிக்சல் 0.6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், வெளிக்கோடு எட்டரை மில்லிமீட்டர், சாலையிலிருந்து தெரியும். அடர் பழுப்பு அச்சில் இன்னும் இருளும், தோலும் நிழலும் ஒட்டிக்கொள்ளும். அச்சுக் கடையில் முகத்தை மட்டும் ஓரடித் துண்டில் அடித்துப் பார்க்கக் கேட்டிருக்கிறேன். ஒட்டினால் தோல் நிறத்தை ஒரு படி ஏற்றுவேன், நிழலைத் தொடமாட்டேன்.

சரி பார்க்க இரண்டு வழி. முகத்தையும் கையையும் ஒரே திரையில் 400% வைத்துக் கோட்டை ஒப்பிடுங்கள். பிறகு 10% அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள்: உடம்பைவிட முகம் கறுத்துத் திட்டாகத் தெரிந்தால் கோடு அதிகம். எனக்கு இப்போது முகம் உடம்போடு கரைகிறது, புருவத்துக்கு இடையில் மட்டும் ஒரு கோடு உபரி. அதை எடுக்கப் போகிறேன்.

முடி சுருட்டை. கறுப்பு மொத்தமாக வைத்து மூன்று ஒளித்துண்டு போட நினைக்கிறேன், வெளி விளிம்பில் ஏழெட்டுச் சுருள் போதும். அதற்குள் அடுத்த வேலை மனதில் ஓடுகிறது: கடலில் பாசி எடுக்கும் பெண்கள். தலையிலும் கன்னத்திலும் துணி, கண்ணில் தண்ணீர்க் கண்ணாடி. கண், நெற்றி, தாடையோரம் மூன்றுமே மறைந்துவிட்டால் மூக்கு நுனியும் வாயும் மட்டும் வைத்து ஜாடை கொண்டுவர வேண்டும். அதற்கான அளவுப் படங்களை, கேட்டு அனுமதி வாங்கி, சேர்க்கத் தொடங்கிவிட்டேன்.