36 வயதில் முதல் குழந்தை: டபுள் மார்க்கர் ரிப்போர்ட்டில் ஒன்பது நாள் பிழை

கோத்தகிரிப் பக்கம் முப்பத்தைந்தைத் தாண்டி முதல் பிரசவம் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், அதிலும் மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வராதவர்களுக்காக. எனக்கு 37, 38 நாளுக்கு ஒருமுறைதான் வரும். அந்த ஒரு விஷயத்தை யாரும் கேட்காததால் நாங்கள் பட்ட பாட்டை வேறு யாரும் படக்கூடாது.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்காத ஆள் இல்லை, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. லயன் வீடு அப்பா பெயரில். வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் மூத்தவள், அதனால் அப்பா ஓய்வு பெறுவதற்குள் எங்கேயாவது இரண்டு சென்ட் வாங்கி ஒரு கூரை போட வேண்டும், தங்கையைப் படிக்க வைக்க வேண்டும் என்பதுதான் என் இருபதுகள் முழுக்க. கல்யாணம் 33 வயதில். கர்ப்பம் தங்கும்போது 36. என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் கதை இதுதான், காரணம் மட்டும் மாறும்: டெட் பாஸ் செய்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள் ஒருத்தி, திருப்பூரில் வேலை பார்த்து அண்ணன் கடனை அடைத்தவள் இன்னொருத்தி. யாரும் குழந்தை வேண்டாம் என்று தள்ளிப் போடவில்லை.

துணை சுகாதார நிலையத்தில் பதிவு போட்டது, பிக்மி எண் வாங்கியது எல்லாம் சுலபம். நர்சம்மா நல்ல மனுஷி. கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டு, அதிலிருந்து வாரத்தையும் பிரசவத் தேதியையும் அட்டையில் எழுதினார். எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்ற கேள்வி அங்கே வரவில்லை. அந்தக் கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களுக்கானது, என்னைப் போல நாள் தள்ளி வருகிறவர்களுக்குக் கரு அந்த அளவு தாமதமாகத்தான் தங்கும். ஏழெட்டு வாரத்தில் எடுக்கிற முதல் ஸ்கேனும் எனக்கு எழுதித் தரப்படவில்லை. அட்டையின் மேல் சிவப்பு மையில் வயது அதிகம் என்பதற்கான குறிப்பு மட்டும் தவறாமல் ஏறியது.

என்.டி. ஸ்கேனுக்குக் கோயம்புத்தூர் போகச் சொன்னார்கள். குழந்தையின் பின்கழுத்தில் தோலுக்கடியில் இருக்கும் நீரின் அளவை அதில் பார்ப்பார்கள். 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள்தான் பார்க்க முடியும், குழந்தையின் நீளம், அதாவது சி.ஆர்.எல்., 45 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அட்டைப்படி அன்று எனக்கு 12 வாரம் 2 நாள். விடியற்காலை பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் மூன்று தடவை வாந்தி. ஸ்கேன் மேஜையில் படுத்தால் நீளம் 41 மில்லிமீட்டர். "இன்னும் 11 வாரம்தாம்மா, பத்து நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்பது நாள் வித்தியாசம் அப்போதே வெளிப்பட்டுவிட்டது, ஆனால் "குழந்தை கொஞ்சம் சின்னது" என்று மட்டும்தான் எங்கள் காதில் விழுந்தது. அதற்கே என் வீட்டுக்காரர் மலை ஏறும் வரை பேசவில்லை.

பத்து நாள் கழித்துப் போனால் வேறு பிரச்சினை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் முத்திரையும் பதிவு எண்ணும் இல்லை என்று முன்மேஜையில் இருந்த பெண் உள்ளே விடவில்லை. கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொரு முறையும் சட்டப்படி எஃப் படிவம் நிரப்ப வேண்டும், அதற்குப் பரிந்துரைச் சீட்டு வேண்டும், அது சரிதான். அதைப் போன வாரமே சொல்லியிருக்கலாம், அதே சீட்டைத்தானே பார்த்து உள்ளே விட்டார்கள்? பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டரம்மாவிடம் பணம் கட்டிப் புதுச் சீட்டு வாங்கி வருவதற்குள் மதியம். காத்திருந்த கூடத்தில் பாதிக்கு மேல் என் வயதுக்காரிகள். கூடலூர்க்காரி ஒருத்தி, வீட்டுக்காரர் வளைகுடாவில் எட்டு வருஷம், வருஷத்துக்கு ஒரு மாத லீவு, 38 வயதில் இப்போதுதான் தங்கியிருக்கிறது என்றாள்.

ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது. நீளம் 59, என்.டி. 1.3, மூக்கெலும்பு தெரிகிறது. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற பிறவிக் குறைபாடு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் டபுள் மார்க்கர் டெஸ்டுக்கு அன்றைக்கே ரத்தமும் கொடுத்துவிட்டு வந்தோம்.

நாலாவது நாள் போனில் ரிப்போர்ட். டவுன் சிண்ட்ரோம்: அதிக ஆபத்து, 110க்கு 1. கூடவே ஒரு போன் கால்: "மேடம், பதினாறு வாரத்துக்கு மேல பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கணும், இல்லன்னா இன்னொரு ரத்த டெஸ்ட் இருக்கு, பதினைந்தாயிரம் ஆகும்." எது முதலில், எது கடைசி, எதற்காக என்று ஒரு வார்த்தை விளக்கமில்லை. ஊசி போட்டு நீர் எடுப்பதில் கர்ப்பம் கலையும் வாய்ப்பு குறைவுதான் என்றாலும் இருக்கிறது, அதைக்கூட நாங்களாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். என் மாமியார் அழுதார். உறவில் ஒருவர் "வயசு போய்ப் பெத்தா இப்படித்தான்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். அதை நான் மறக்கப் போவதில்லை.

காப்பாற்றியது கோத்தகிரியில் நாங்கள் எப்போதும் போகும் டாக்டரம்மா. முதல் பக்கத்து எண்ணைப் பார்க்கவே இல்லை, இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். அங்கே சின்ன எழுத்தில், ரத்தம் எடுத்த அன்று கர்ப்பகாலம் 13 வாரம் 5 நாள், கணக்கிட்ட முறை கடைசி மாதவிலக்குத் தேதி என்று இருந்தது. சி.ஆர்.எல். கட்டமும் என்.டி. கட்டமும் காலி. ஸ்கேன்படி அன்று எனக்கு 12 வாரம் 3 நாள். "இவங்க ஒன்பது நாள் கூட்டிப் போட்டுட்டாங்கம்மா" என்றார்.

அவர் விளக்கியது எனக்குப் புரிந்த வரை இது. இந்த டெஸ்ட் ரத்தத்தில் இரண்டு பொருளைப் பார்க்கிறது. பாப்-ஏ என்பது வாரம் ஏற ஏறக் கூடும். பீட்டா எச்.சி.ஜி. இந்தக் கட்டத்தில் வாரம் ஏற ஏறக் குறையும். உங்கள் அளவை அதே வாரத்தில் இருக்கும் மற்றப் பெண்களின் நடுத்தர அளவோடு ஒப்பிட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள். வாரத்தை அதிகமாகக் காட்டிவிட்டால், எனக்குச் சரியாக இருக்கும் பாப்-ஏ குறைவாகத் தெரியும், சரியாக இருக்கும் எச்.சி.ஜி. அதிகமாகத் தெரியும். டவுன் சிண்ட்ரோம் குழந்தை இருக்கும்போது வழக்கமாகக் காணப்படுவதும் அதே இரண்டுதான். ஆக ஒரு தேதிப் பிழை இரண்டு பக்கமும் ஒரே திசையில் தள்ளிவிடுகிறது. அதற்கு மேல் வயது. 25 வயதில் பிரசவத்தின்போது இந்த வாய்ப்பு 1300க்கு 1 என்ற அளவில் இருக்கிறது, 36 வயதில் 300க்கு 1. கணக்கே அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது, அதிக ஆபத்து என்று சொல்லும் கோடு பெரும்பாலும் 250க்கு 1. எனவே சின்ன வயதுப் பெண்ணுக்கு இதே தேதிப் பிழை வந்தாலும் அவள் கோட்டுக்கு அந்தப் பக்கம் பத்திரமாக நிற்கக்கூடும், நம்மைப் போன்றவர்களை அது எளிதில் தாண்ட வைத்துவிடும். தாமதமாகப் பெறுகிறவர்கள் தேதியில் இத்தனை பிடிவாதமாக இருக்க வேண்டியது இதனால்தான்.

லேப்புக்குப் போன் செய்தால் மறுபடி ரத்தம் கொடுத்துப் பணம் கட்டச் சொன்னார்கள். வேண்டியதில்லை. ரத்தத்தில் அளந்த எண்கள் மாறப் போவதில்லை, மாற வேண்டியது கணக்கில் போட்ட விவரம் மட்டும். டாக்டரம்மா ஒரு கடிதம் எழுதி, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு அனுப்பச் சொன்னார். முன்மேஜையில் யாரும் அசையவில்லை, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட டாக்டரிடம்தான் பேசுவேன் என்று விடாமல் நின்ற பிறகுதான் அசைந்தார்கள். எடையையும் சரிபார்த்தேன், கேட்காமலேயே 55 என்று போட்டிருந்தார்கள், நான் 48. உடம்பு எடையும் அந்தக் கணக்கில் சேரும். திருத்தி வந்த ரிப்போர்ட்: 1150க்கு 1, குறைந்த ஆபத்து. மன்னிப்பு என்று ஒரு வரி இல்லை. என் வீட்டுக்காரர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார், நான் அழவில்லை, எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குறைந்த ஆபத்து என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை, இது சல்லடை மட்டும்தான். அந்தப் பதினைந்தாயிரம் ரூபாய் டெஸ்டும் சல்லடைதான், இதைவிட நுணுக்கமான சல்லடை. உறுதியாகச் சொல்வது பனிக்குட நீர்ப் பரிசோதனை போன்றவை. சரியான தேதியிலும் எண் 250க்குள் வந்தால் அந்தப் பேச்சை டாக்டரோடு உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும் பார்க்க வேண்டியது கர்ப்பகாலம் எதை வைத்துப் போட்டது, சி.ஆர்.எல்., என்.டி. ஏறியிருக்கிறதா, பிறந்த தேதி, எடை. அப்புறம் ரத்தம் எடுக்கும் இடத்தில் ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலை நீங்களே படிவத்தோடு குத்திக் கொடுத்துவிடுங்கள்.

அட்டையில் பிரசவத் தேதியையும் மாற்ற வைத்தேன். இது இன்னும் முக்கியம், ஏனென்றால் வயதைக் காரணம் காட்டி எங்களைத் தேதி தாண்ட விடமாட்டார்கள். பழைய தேதியில் 40 வாரம் முடிந்துவிட்டது, வலி வர மருந்து ஏற்றலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, உண்மையில் எனக்கு 38 வாரம் 5 நாள். அட்டையை மாற்றியிருந்தும் அவர்கள் கணினியில் பழைய தேதியே கிடந்தது. என்.டி. ஸ்கேன் தாளை எடுத்து நீட்டினேன். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "சரி, காத்திருக்கலாம்" என்றார். அடுத்த வாரம் தானாக வலி வந்து, குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியதால் ஆபரேஷன். மகள், 2.7 கிலோ.

எங்கள் அம்மா 22 வயதில் என்னைப் பெற்றபோது பாட்டி வீட்டில் நாற்பது நாள் இருந்தாராம். எனக்கு அது வாய்க்கவில்லை. அம்மாவுக்கு 58, சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த முழங்கால், கூடவே அப்பாவுக்குச் சர்க்கரையும் கண்ணும். மாமியாருக்கு 71, அவரைக் குளிக்க வைப்பதே நான்தான். ஆக ஆபரேஷன் புண்ணோடு நான் படுத்திருக்க, குழந்தைக்கும் மாமியாருக்கும் சேர்த்து வெந்நீர் வைத்தது என் வீட்டுக்காரர். கொழுந்து ஏற்றும் பிக்கப் ஓட்டுபவர், ஓட்டாத நாளுக்குக் கூலி இல்லை, அதனால் நான் கர்ப்பமான நாளிலிருந்து தனியாக ஒரு சிறுசேமிப்புப் போட்டு வைத்தோம், அதுதான் அந்த மாதத்தை ஓட்டியது. தாமதமாகப் பெறுகிறவர்கள் ஸ்கேன் செலவைக் கணக்குப் போடுவதுபோல இதையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்: முதல் நாற்பது நாள் வீட்டில் யார் நிற்பார்கள், அவர்களுடைய கூலிக்கு என்ன வழி என்று. நாங்கள் தங்கையைத் திருப்பூரிலிருந்து பத்து நாள் வரவழைத்தோம், அவள் போன பிறகு எதிர்வீட்டு அக்கா மதியச் சாப்பாடு மட்டும் பார்த்துக்கொண்டார், மாதக் கூலி பேசிக் கொடுத்துவிட்டோம்.