இரண்டு தேதி சொன்ன முகாம் அறிவிப்பு

செங்கம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பால் சொசைட்டியில் அளவு எழுதும் வேலை எனக்கு. மாட்டுக்குக் கோமாரி ஊசி, ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய் ஊசி, இரண்டுக்கும் பூச்சி மருந்து, எல்லாம் இலவசம் என்று முகாம் வந்தபோது ஊருக்குச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. காலையும் மாலையும் மாடு வைத்திருக்கும் அத்தனை வீட்டாரையும் பார்க்கிற ஆள் நான்தான் என்பதால் அப்படி.

வழக்கமாக எங்கள் ஊர் அறிவிப்பு ஒரே வரிதான்: இன்ன தேதி, இன்ன இடம், கால்நடைகளை ஓட்டி வாருங்கள். இந்தத் தடவை அப்படிச் சொல்ல வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் முதலில் சொன்னதே அறிவிப்பை மாற்றிவிட்டது. வயிற்றில் புழு நிறைய இருக்கிற மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டால், உடம்பு எதிர்ப்புச் சக்தியைச் சரியாக உண்டாக்காது. அதனால் பூச்சி மருந்தை முன்னால் கொடுத்து, இரண்டு மூன்று வாரம் விட்டு ஊசி போடுவதுதான் நல்லது. ஒரே நாளில் இரண்டையும் முடித்தால் வேலை சுலபம், பலன் குறைவு. அவரே இரண்டு முறை வருவதாகச் சொன்னார். ஆக, எங்கள் அறிவிப்பில் இரண்டு தேதி: முதலில் பூச்சி மருந்து, அப்புறம் ஊசி.

அடுத்தது நேரம். ஆட்டுக்கொல்லி ஊசி மருந்து உலர்ந்த பொடியாகக் குப்பியில் வரும். கூடவே வரும் நீர்மத்தில் கரைத்த பிறகு ஐஸ் மேலேயே வைத்திருக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்த்துவிட வேண்டும். ஒரு குப்பியில் பல ஆடுகளுக்கான மருந்து இருக்கும். பத்து ஆடு வந்ததும் குப்பியைத் திறந்துவிட்டு மற்றவை வரட்டும் என்று காத்திருந்தால் மீதி மருந்து வீண். அதனால் ஆடுகள் ஒன்றாக, ஒரே நேரத்தில் வர வேண்டும். மேய்ச்சலுக்கு ஓட்டுவதற்கு முன்னால், காலை 6 மணிக்கு என்று முடிவு செய்தோம். கறவை மாடுகளுக்கு 8 மணி, சொசைட்டிக்குப் பால் ஊற்றி முடித்த பிறகு. இரண்டையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் மாடு மிரளும், ஆடு கலையும், கயிறு பிடிக்க ஆள் போதாது.

எதைக் கொண்டுவரக் கூடாது என்பதையும் அறிவிப்பில் சொல்லியே ஆக வேண்டும். காய்ச்சலில் இருக்கிற, தீனி எடுக்காத மாட்டுக்கு ஊசி கிடையாது. அதைத் தனியாகக் காட்டினால் வைத்தியம் பார்ப்பார்கள். நிறைமாதச் சினை மாட்டை ஓட்டி வர வேண்டாம், கன்று ஈன்ற பிறகு போடலாம். 4 மாதம் ஆகாத கன்றுக்கும் குட்டிக்கும் இப்போது ஊசி வேண்டாம். பூச்சி மருந்திலும் ஒரு விஷயம் உண்டு. அல்பெண்டசோல் என்ற மருந்தைச் சினையின் ஆரம்ப மாதங்களில் கொடுக்கக் கூடாது, கருவுக்குக் கேடு. எனவே “எத்தனை மாதச் சினை என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், சினை ஊசி போட்ட தேதி ஞாபகம் இருந்தால் எழுதி வையுங்கள்” என்று ஒரு வரி சேர்த்தேன். கறவை மாட்டுக்கு எந்த மருந்து, கொடுத்த பிறகு எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பதை டாக்டரம்மா ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லுவதாக ஏற்பாடு. மருந்துக்கு மருந்து அது மாறும்.

இனி, நான் ரொம்ப யோசித்த இடம். எங்கள் பக்கத்தில் பலர் ஊசிக்கு வராததற்குக் காரணம் பால் குறைந்துவிடும் என்ற பயம். அது முழுப் பொய்யும் இல்லை. கோமாரி ஊசி போட்டபின் சில மாடுகளுக்கு ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சல் வரும், பால் கொஞ்சம் குறையும், ஊசி போட்ட இடம் வீங்கும். இதைச் சொன்னால் வரமாட்டார்கள் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் தயங்கினார். சொல்லாமல் விட்டால் மறுநாள் காலை பால் அளக்கும்போது என்னிடம்தான் கேட்பார்கள், அடுத்த முகாமுக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று நான் சொன்னேன். கோமாரி வந்தால் வாயும் குளம்பும் புண்ணாகி, மாடு வாரக்கணக்கில் தீனி எடுக்காது. பால் பழைய அளவுக்குத் திரும்பாமலே போகிற மாடும் உண்டு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னோம். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை சந்தை மாட்டைக் கொட்டகையில் சேர்க்காதீர்கள் என்பதையும் சேர்த்தோம்.

ஆட்டோவில் மைக் வைத்துச் சொன்ன வாசகம் இது:

“மாடு ஆடு வைத்திருப்போர் கவனத்துக்கு. வருகிற வெள்ளிக்கிழமை பூச்சி மருந்து. அதிலிருந்து மூன்றாவது வெள்ளி தடுப்பூசி. இரண்டு நாளும் வர வேண்டும். ஆடுகள் காலை 6 மணி, மாடுகள் 8 மணி, ஏரிக்கரைப் புளியமரத்தடி. காசு கிடையாது. போன் நம்பரோடு வாருங்கள், காதுவில்லை இல்லாத மாட்டுக்கு அங்கேயே போட்டுத் தருவார்கள். நிறைமாதச் சினையும் உடம்பு சரியில்லாத மாடும் வீட்டிலேயே இருக்கட்டும், எங்களிடம் சொன்னால் போதும்.”

ஒரே மூச்சில் இவ்வளவுதான் காதில் நிற்கும். மற்றதை எல்லாம் சொசைட்டியில் பால் ஊற்ற வந்தவர்களிடம் நேரில் சொன்னேன். காட்டில் கிடை போட்டிருந்தவர்களுக்கு மைக் எட்டாது. அவர்களிடம் என் தம்பி போய்ச் சொல்லிவிட்டு வந்தான். ஊரில் ஆடு அதிகம் வைத்திருப்பவர்களே அவர்கள்தான்.

பூச்சி மருந்து அன்று ஒரு அம்மா நாலு வெள்ளாடு ஓட்டிவந்தார். அதில் ஒன்றுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோர்த்துத் தொங்கியது. டாக்டரம்மா அதன் கண் இமையின் கீழ்ப்பக்கத்தை விலக்கிக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துப் போயிருந்தது. இரைப்பையில் இருக்கிற உருளைப்புழு இரத்தத்தை உறிஞ்சுவதால் வருவது இது. “தாடை வீங்கும் வரை காத்திருக்காதீங்கம்மா, வாரம் ஒரு தடவை இமையைப் பாருங்க” என்றார். மருந்தை எடைக்குத்தான் கொடுக்க வேண்டும். அவர் கொடுத்த 2.5 சதவீத அல்பெண்டசோல் மருந்தில், 20 கிலோ ஆட்டுக்கு 6 மில்லி. எடையைக் கம்மியாக மதிப்பிட்டுக் குறைத்துக் கொடுத்தால் வலுவான புழுக்கள் மட்டும் மிஞ்சும், பிறகு அந்த மருந்து அந்தப் பட்டியிலேயே வேலை செய்யாமல் போகும். ஊற்றும்போது தலையை வானம் பார்க்கத் தூக்கக் கூடாது. மூக்கும் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க, வாயின் ஓரமாக மெதுவாக விட வேண்டும். அவசரப்பட்டால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். அந்த அம்மா அடுத்த மூன்று ஆட்டுக்கும் தானே ஊற்றினார்.

ஊசி நாளில் ஆடுகள் ஏழு மணிக்குள் முடிந்தன. கரைத்த மருந்து வீணாகவில்லை. மாடுகளுக்கு 9 மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டதால் கடைசியில் வந்தவற்றை மர நிழலுக்கு மாற்றிப் போட்டார்கள்.

முதல் தடவை கோமாரி ஊசி போட்ட கன்றுகளுக்கு ஒரு மாதம் கழித்து இன்னொரு ஊசி உண்டு. அதன் பிறகுதான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்ற கணக்கு. இதற்கு மைக் தேவைப்படவில்லை. அந்தக் கன்றுகள் இருக்கும் வீடுகளைச் சொசைட்டி நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வைத்திருந்தேன். பால் ஊற்ற வந்தபோதே ஒவ்வொருவரிடமும் தேதியைச் சொல்லிவிட்டேன்.