நாற்பது வயதில் கொத்தனார் போட வேண்டிய கணக்கு

கொத்தனார் வேலையில் உடம்பு ஒரே நாளில் விட்டுப்போவதில்லை. ஒவ்வொரு அசைவாகப் போகும். நான் சின்ன வயதிலிருந்து கரண்டி பிடித்தவன், இப்போது திருப்பூர்ப் பக்கம் மேஸ்திரியாக இருக்கிறேன், என்னோடு ஏறியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் இறங்கினார்கள். முதலில் போவது சீலிங் பூச்சு. தலையை அண்ணாந்து, கையைத் தலைக்கு மேலே வைத்தபடி மணியாஸ் கட்டை தேய்க்கிற வேலை, தோள்பட்டைதான் அதற்குக் காவு. அதற்கடுத்து டைல்ஸ், நாள் முழுக்க மண்டியிட்டோ குத்த வைத்தோ நகர வேண்டும், முட்டி போய்விடும். மூன்றாவது சாரம். இடுப்பு உயரத்திலிருந்து மார்பு உயரம் வரை சுவர் கட்டுவது கடைசி வரைக்கும் நிற்கும். நூல் பிடிப்பதும் மட்டம் பார்ப்பதும் அதற்கும் பிறகும் நிற்கும்.

இந்த வரிசை தெரிந்திருந்தால், எதை முதலில் விடலாம், அதற்குள் எதைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசிக்கலாம். ஆனால் நம் ஆட்கள் எல்லாவற்றையும் கடைசி நாள்வரை செய்துவிட்டு மொத்தமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். சதுர அடிக் கணக்கில் வேலை எடுத்தால் இன்னும் மோசம், 45 வயதுக்காரரும் 25 வயதுப் பையனும் ஒரே சாரத்தில் போட்டி போடுவார்கள், பெரியவர் அன்றைக்கு ஈடு கொடுத்துவிடுவார், மறுநாள் காலையில்தான் தெரியும்.

அசதிக்கும் சேதத்துக்கும் வித்தியாசம் உண்டு. காலையில் எழுந்ததும் பிடித்துக்கொண்ட இடுப்பு, டீ குடித்து நாலு நடை நடந்ததும் விட்டுப்போனால் அது பெரும்பாலும் வேலை அசதி. ராத்திரி அந்தத் தோள் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, தூக்கத்திலேயே வலி எழுப்புகிறது, சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் பாதியில் நிற்கிறது என்றால் உள்ளே தசைநார் போயிருக்கலாம். இடுப்பு வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனால் நரம்பு. இதையெல்லாம் மெடிக்கல் ஷாப் மாத்திரையில் தள்ளிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேர்த்துக்கொண்டே தினமும் வலி மாத்திரை போட்டால் கிட்னிக்கு ஆபத்து, பிரஷரோ சுகரோ இருந்தால் இன்னும் அதிகம். வலி தெரியாததால் அன்றைக்கும் முழு வேலை நடக்கும், அதனால் சேதமும் கூடும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

சாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயதானவருக்குப் பயம் வந்துவிடுகிறது என்று நினைக்கிறோம், பல சமயம் காரணம் கண்ணும் பாதமும்தான். வெள்ளெழுத்துக்குப் போட்ட இரட்டைப் பவர் கண்ணாடியோடு கீழே கால் வைக்கிற பலகையைப் பார்த்தால் மங்கும், ஏனென்றால் கண்ணாடியின் கீழ்ப்பாதி கிட்டத்தில் வைத்துப் படிப்பதற்கானது. பல வருஷ சுகர் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும். எங்கள் செட்டில் ஓர் அண்ணன் சாரத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு கால் செருப்பு கழன்று கீழே விழுந்துவிட்டது, அவருக்குத் தெரியவே இல்லை. கீழே இருந்த சித்தாள்தான் எடுத்துக் காட்டி, "அண்ணா, இது உங்களுதுங்களா?" என்று கேட்டார். அன்றைக்கே அவரை இறங்கச் சொன்னேன். கோபப்பட்டார், ஆனால் இறங்கினார். வலியே இல்லாதவரும் சாரம் ஏறக் கூடாது என்று ஆகிற கட்டம் இது.

சரி, சுவர் வேலையை நீட்டிக்க என்ன செய்யலாம்? எங்கள் பக்கம் சாலிட் பிளாக்தான் அதிகம். ஆறு இஞ்ச் கல் ஒன்று 25 கிலோவுக்கு மேல் வரும். கலவைச் சட்டியும் தரையில், கல்லும் தரையில் என்றால் ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு முறை குனிய வேண்டும், செங்கல் வேலை என்றால் ஒரு நாளைக்கு ஐந்நூறு கல்லுக்குக் குறையாமல் ஓடும், குனிவது ஆயிரத்தைத் தாண்டும். நாலு கல்லை அடுக்கி அதன்மேல் பலகை போட்டு, கலவையையும் கல்லையும் இடுப்பு உயரத்தில் வைத்துக் கொடுத்தால் பாதிக்கு மேல் குறைந்துவிடும். செலவு ஒன்றும் இல்லை. சித்தாள் ஏற்றி வைக்கிற வேலை மட்டும் கொஞ்சம் கூடும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஏனென்றால் சுமை அவர் இடுப்புக்குப் போனால் பிரச்சினை தீரவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. அதனால் ஒரே அளவுள்ள வேலைக்கு ஏஏசி என்கிற லேசான கல் போட வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் நான் சந்தோஷப்படுவேன், சாலிட்டைவிட நீளமான கல்லே பன்னிரண்டு கிலோ பக்கம்தான் இருக்கும்.

நாற்பது தாண்டிய கொத்தனார் எல்லோரும் சொல்கிற திட்டம் ஒன்றே ஒன்றுதான்: "மேஸ்திரி ஆயிடறேன்." உடம்புக்கு நல்ல யோசனை. பணத்துக்கு அப்படி இல்லை. லேபர் காண்ட்ராக்டில் சின்ன வீடு ஒன்று எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கொத்தனார், ஆளுக்கு 1,100 ரூபாய், மூன்று சித்தாள், ஆளுக்கு 700. ஆறு நாள் வேலை என்றால் வாரக் கூலி 25,800. அது சனிக்கிழமை சாயங்காலம் கையில் கொடுத்தாக வேண்டும், திங்கள்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் கொடுப்பதோ கட்டம் கட்டமாக, பேஸ்மெண்ட் முடிந்தால் ஒரு தொகை, லிண்டல் வந்தால் ஒரு தொகை. ஒரு கட்டம் நாலு வாரம் இழுத்தால் 1,03,200 ரூபாய் நீங்கள் போட்டிருப்பீர்கள். பேங்க் லோன் வராமல் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டால் இன்னும் ஒரு மாதம். கையில் அந்த ஒரு லட்சம் இல்லாமல் மேஸ்திரி ஆனவர்கள் முதல் வீட்டிலேயே வட்டிக்கு வாங்குகிறார்கள், லாபம் வட்டிக்குப் போகிறது, அப்புறம் திரும்ப அதே சாரத்துக்கு, கடனோடு.

ஆகவே மேஸ்திரி ஆக விரும்புகிறவர், சம்பாத்தியம் உச்சத்தில் இருக்கிற முப்பத்தைந்து வயதிலிருந்தே அந்தத் தொகைக்கென்று ஒரு சீட்டு தனியாகப் போட வேண்டும், கல்யாணச் சீட்டு, காதுகுத்துச் சீட்டு எதிலும் கலக்காமல். கூடவே அளவெடுத்து எஸ்டிமேட் போடக் கற்றுக்கொள்ள வேண்டும். எவ்வளவு கல், எவ்வளவு மூட்டை, எத்தனை ஆள் நாள் என்று தாளில் எழுதத் தெரியாத மேஸ்திரி ஒவ்வொரு வீட்டிலும் பேச்சில் தோற்பார்.

இதைவிட என் கண்ணுக்குப் பொருத்தமாகப் படுவது ரிப்பேர் வேலை. பாத்ரூம் கசிவு, மொட்டைமாடி விரிசல், பெயர்ந்த பூச்சு, ஒரு ஜன்னல் பெரிதாக்குவது. செருப்புச் சம்பவத்துக்குப் பிறகு சாரத்திலிருந்து இறங்கிய அந்த அண்ணன் இப்போது இதைத்தான் செய்கிறார். பெரிய செட் வேண்டாம், ஒரு சித்தாள் போதும். உயரம் ஏறுகிற வேலையை வேண்டாம் என்று சொல்லலாம். காலையில் ஆரம்பித்து மத்தியானம் முடித்துவிடலாம், ஆனால் கூலி அரை நாள் கூலி கிடையாது, வேலைக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார். இங்கே வேகத்துக்குக் காசில்லை, அனுபவத்துக்குத்தான் காசு. கீழ்வீட்டுச் சுவர் ஓதமடித்தால், மேல்வீட்டில் எல்லாக் குழாயையும் மூடி மீட்டரைப் பார்ப்பார், மீட்டர் ஓடினால் பைப்பில் கசிவு. ஓடாவிட்டால் பாத்ரூம் தரையின் வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடுவார், மட்டம் இறங்கி, கீழேயும் ஈரம் கூடினால் தரையில்தான் கோளாறு. இதைக் கண்டுபிடிக்காமல் மேலே மேலே கெமிக்கல் பூசுகிறவர்களைவிட அவரை வீட்டுக்காரர்கள் தேடி வருவது இதனால்தான். ஆனால் இதற்கு ஊரில் பெயர் வேண்டும், நாலு பிளம்பர், ஹார்டுவேர் கடைக்காரர் நம்பரைக் கொடுக்க வேண்டும். வருஷக்கணக்கில் வெளியூர் சைட்டிலேயே இருந்தவருக்கு அது அமைவது கஷ்டம், அதனால் 45க்குள் உள்ளூர் வேலைக்குத் திரும்பிவிடுவது நல்லது.

கடைசியாக அரசாங்கக் காகிதங்கள், இதில்தான் வயது கறாராகப் பேசும். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18லிருந்து 60 வயதுக்குள் பதிவு செய்யலாம், 60 முடிந்ததும் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். சோறு போடுகிற தொகை இல்லை, மருந்துக்கு ஆகும். ஆனால் பதிவைத் தேதி தவறாமல் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும், வேலை குறைந்து வீட்டில் உட்காருகிற ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயதில்தான் பலரும் கார்டை மறந்துவிடுகிறார்கள். சித்தாளாக வருகிற மனைவிக்கும் தனிப் பதிவு உண்டு, அதை எத்தனை வீட்டில் செய்திருக்கிறார்கள் என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

மத்திய அரசுத் திட்டங்கள் இரண்டும் நாற்பதோடு கதவை மூடிவிடும். 2019இல் வந்த ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் 40 வயதில் சேர்ந்தால் மாதம் 200 கட்ட வேண்டும், அரசும் அதே அளவு போடும், 60இலிருந்து மாதம் 3,000. இருபது வருஷத்தில் நீங்கள் கட்டுவது 48,000, பதினாறு மாத ஓய்வூதியத்தில் அது திரும்பிவிடும். அடல் பென்ஷனில் 5,000 வேண்டுமென்றால் 30 வயதில் சேருகிறவருக்கு மாதம் 577, 39 வயதில் 1,318, அதாவது ஒரு நாள் கூலிக்கு மேல். தாமதத்தின் விலை இதைவிடத் தெளிவாக எங்கேயும் எழுதி நான் பார்த்ததில்லை.

எங்கள் செட்டில் ஒரு தம்பிக்கு வருகிற தையில் நாற்பது முடிகிறது. "அண்ணா, வேலை இருக்கற நாள்ல எப்படிப் போறது?" என்று இரண்டு மாதமாகத் தள்ளுகிறான். திங்கட்கிழமை அவனுக்கு வேலை வைக்கவில்லை, ஆதாரும் பேங்க் புத்தகமும் எடுத்துக்கொண்டு பொதுச் சேவை மையத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறேன், அன்றைய கூலி என் கணக்கு.