47 நாள் கழித்து ஒரு எக்செல் ஃபைலைத் தேடிய கதை

மே 12 அன்று ஒரு வாடிக்கையாளரின் கணக்கு ஃபைலில் இன்னொருவருடைய பட்டியலை ஒட்டி சேமித்துவிட்டேன். கூகிள் டிரைவில் இருந்த எக்செல் ஃபைல். தவறு முழுக்க என்னுடையது. ஜூன் 28-ல்தான், அவங்க ஏப்ரல் செலவு விவரம் கேட்டபோது, கண்ணில் பட்டது.

பதறவில்லை. 2 டிபி-க்குக் காசு கட்டுகிறோமே, பழைய பதிப்பு இருக்கும் என்று Manage versions போய்ப் பார்த்தால் ஜூனில் சேமித்தவை மட்டும்தான் வரிசையாக இருந்தன, எல்லாவற்றிலும் அதே தப்புப் பட்டியல். எக்செல், பிடிஎஃப் மாதிரி ஃபைல்களுக்குப் பழைய பதிப்பு 30 நாள் அல்லது 100 பதிப்பு வரைதான் நிற்கும். அழித்த ஃபைலுக்கும் 30 நாள்தான். கூடுதல் பணம் கட்டினால் இடம்தான் கூடும், இந்த நாள் கணக்கு கூடாது. இது எனக்கு அன்றுவரை தெரியாது.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. டிராப்பாக்ஸில் பிளஸ் திட்டத்துக்கு 30 நாள், புரொஃபஷனலுக்கு 180 நாள். அங்கே திட்டம் மாறினால் நாளும் மாறும்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது, மார்ச்சிலிருந்து அதே ஃபைலின் பிரதி ஒன்று அவங்க அலுவலக ஒன்டிரைவிலும் இருந்தது. போன் செய்தேன். "அதை எங்க பையன் மே மாசமே அழிச்சிட்டான் தம்பி, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டானே" என்றார். சரி, முடிந்தது என்றே நினைத்தேன்.

ஆனால் தனிநபர் ஒன்டிரைவுக்கு 30 நாள் என்றால், அலுவலகக் கணக்குக்கு 93 நாள். தொட்டியைக் காலி செய்தாலும் அது இன்னொரு தொட்டிக்குத்தான் போகும். "அக்கா, பிரவுசர்ல Recycle bin திறந்து, பக்கத்தோட அடிவரைக்கும் போய்ப் பாருங்க, Second-stage recycle bin-னு சின்னதா ஒரு லிங்க் இருக்கும்" என்றேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. "இருக்குப்பா!" என்றார். Restore அழுத்தியதும் ஃபைல் பழைய ஃபோல்டருக்கே திரும்பியது, பழைய பதிப்புகளும் கூடவே வந்தன. ஏப்ரல் செலவு அப்படியே இருந்தது.

இரண்டாவது தொட்டிக்குப் போனதும் 93 நாள் புதிதாகத் தொடங்காது, முதலில் அழித்த நாளிலிருந்தே ஓடும். பையன் அழித்ததும் மே 12-ஐ ஒட்டித்தான், ஆகஸ்ட் நடுவில் கேட்டிருந்தால் அங்கேயும் கிடைத்திருக்காது.

இப்போது ஒவ்வொரு மாதக் கணக்கையும் முடித்ததும் கூகிள் டிரைவில் அந்தப் பதிப்புக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி Keep forever போட்டுவிடுகிறேன். அப்படிப் போட்ட பதிப்பை 30 நாள் கணக்கு தொடாது. மே மாதத்தையும் நேற்று போட்டாயிற்று.