ஸ்டாக் ஷீட்டில் எமோஜி: நிறத்தை நம்ப வேண்டாம்

மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிச் சேலை மொத்தக் கடையில் ஸ்டாக் கணக்கு பார்க்கிறேன். எங்கள் எக்செல் ஷீட்டை மூன்று பேர் மூன்று விதமாகப் பார்க்கிறார்கள். முதலாளி போனில் பார்ப்பார், கவுண்டரில் விண்டோஸ் 10 போட்ட பழைய கம்ப்யூட்டர், குடோனுக்குப் போவது கறுப்பு வெள்ளை பிரிண்ட். ஒரு செல்லில் எந்த எமோஜியைக் காட்டுவது என்பதை இந்த மூன்றையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

எனக்கு முன்னால் இருந்தவர் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்கள் போட்டிருந்தார். போனில் பளிச்சென்று இருக்கும். ஆனால் விண்டோஸ் 10இல் எக்செல் எமோஜியை நிறமில்லாமல் வெறும் கோடாகத்தான் காட்டுகிறது. "அக்கா, எல்லாமே ஒரே வட்டமா இருக்கே, எது தீர்ந்துச்சு?" என்று கவுண்டர் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. இன்னொன்றும் உண்டு. சிவப்பு வட்டம் 2010லேயே யூனிகோடில் வந்துவிட்டது, பச்சையும் மஞ்சளும் 2019இல்தான் வந்தன. அதனால் அப்டேட் செய்யாத கம்ப்யூட்டரில் சிவப்பு தெரியும், மற்ற இரண்டும் வெறும் கட்டமாக நிற்கும். கட்டம் தெரிந்தால் ஃபார்முலாவைக் குடைய வேண்டாம், அந்த எழுத்துருவில் படம் இல்லை என்று அர்த்தம்.

அதனால் நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தால் வேறுபடுகிற குறிகளுக்கு மாறினோம்: டிக், முக்கோண எச்சரிக்கை, பெருக்கல் குறி. இவற்றை ஃபார்முலாவில் கொண்டுவர UNICHAR வேண்டும், எக்செல் 2013இலிருந்து இருக்கிறது. பழைய CHAR 255 வரைக்கும்தான் போகும், எமோஜி அதற்கு எட்டாது. முன்பெல்லாம் CHAR(252) போட்டு எழுத்துருவை Wingdings ஆக்கி டிக் வரவைப்பார்கள், அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் டிக்குக்குப் பதில் ü என்று நிற்கும்.

யூனிகோடு பட்டியலில் எண் U+274C என்று பதினாறடிமான முறையில் இருக்கும், UNICHAR கேட்பது சாதாரண பத்தடிமான எண். மாற்ற HEX2DEC போதும். எமோஜி கையில் இருந்தால், அதை ஒரு செல்லில் ஒட்டி UNICODE கொடுத்தாலும் எண் வந்துவிடும்.

```
=UNICHAR(HEX2DEC("274C"))
=UNICODE(A1)
```

B இருப்பு, C குறைந்தபட்ச அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பு பூஜ்ஜியம் என்றால் பெருக்கல், C அளவோ அதற்குக் கீழோ என்றால் எச்சரிக்கை, மற்றதெல்லாம் டிக் என்றுதான் யாருக்கும் எழுதத் தோன்றும். ஆபத்து இங்கேதான், எமோஜியில் இல்லை. பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து வரும் இருப்பு சில சமயம் எண்ணாக இல்லாமல் உரையாக வரும். எக்செல் ஒப்பிடும்போது உரை எப்போதும் எண்ணைவிடப் பெரியது. ஆக ஒரு ரகச் சேலை 4 தான் இருக்கிறது, குறைந்தபட்சம் 10 வேண்டும் என்றாலும், அந்த 4 உரையாக இருந்தால் டிக் விழும், ஆர்டர் போடவேண்டிய சரக்கை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். காலி செல்லோ நேர் எதிர், அதைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டு பெருக்கல் குறி காட்டும். அதனால் முதலில் எண்தானா என்று கேட்கிறேன்:

```
=IF(NOT(ISNUMBER(B2)),UNICHAR(10067),
 IF(B2<=0,UNICHAR(10060),
 IF(B2<=C2,UNICHAR(9888),UNICHAR(9989))))
```

10067 கேள்விக்குறி. அது தெரிந்தால் சரக்கைத் தேட வேண்டாம், B செல்லைப் பார்க்க வேண்டும். எண் வலப்பக்கம் ஒட்டாமல் இடப்பக்கம் ஒட்டியிருந்தால் அநேகமாக உரை, அதை எண்ணாக மாற்றினால் குறி தானாக மாறிவிடும். காலியாக இருந்தால் யாரோ இருப்பை ஏற்றவில்லை.

குறியை எண்ணிக் கணக்குப் போடவும் வேண்டாம். எத்தனை ரகம் தீர்ந்தது என்று தெரிய குறிகள் இருக்கும் D பத்தியில் பெருக்கல் குறியைத் தேடுவதைவிட COUNTIF(B2:B200,"<=0") என்று எண்ணையே கேட்பது நல்லது, நாளைக்குக் குறியை மாற்றினாலும் அது கெடாது. LEFT, LEN பக்கமும் கவனம் வேண்டும்: வட்டம் மாதிரி 65535க்கு மேல் எண் உள்ள எமோஜியை எக்செல் வழக்கமாக இரண்டு எழுத்தாக எண்ணும், LEFT கொடுத்து ஒன்றை வெட்டினால் பாதி எமோஜி உடைந்து நிற்கும். மேலே உள்ள நான்கும் அந்த எல்லைக்குள் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை, நான் இவற்றை விடாமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம், ஷீட்டை CSV ஆக ஆடிட்டருக்கு அனுப்பும்போது CSV UTF-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண CSVயில் எல்லாக் குறியும் ? ஆகிவிடும், எங்கள் ஷீட்டில் கேள்விக்குறிக்குத் தனி அர்த்தம் வேறு இருக்கிறது.